உப்பு மிகும்போது புரதம் ஏன் விலகுகிறது: அமோனியம் சல்பேட் வீழ்படிவாக்கம் பற்றி ஓர் ஆய்வு

முயலின் ரத்த நீரில் (சீரம்) அமோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டம் வரை எதுவும் நிகழாது. பிறகு தெளிந்த மஞ்சள் திரவம் லேசாகப் பால்நிறம் கொள்ளும். இன்னும் கொஞ்சம் உப்பு சேர்ந்ததும் வெண்மையான துகள்கள் திரளும். அவற்றைச் சுழற்றிப் பிரித்தெடுத்து உப்பில்லாத தாங்கல் கரைசலில் (பஃபர்) இட்டால் சில நிமிடங்களில் திரும்பக் கரைந்துவிடும். அவற்றிலுள்ள ஆன்டிபாடிகள் தம் வேலையை முன்போலவே செய்யும். முட்டையை வேகவைத்தால் வரும் வெண்மையிலிருந்து இந்த வெண்மை வேறுபடுவது இங்கேதான். வெந்த புரதம் உருக்குலைந்தது, அது திரும்பாது. உப்பால் வீழ்ந்த புரதம் உருக்குலையாமல் கரைசலை விட்டு வெளியேறியிருக்கிறது, அவ்வளவே.

பாடநூல்கள் பலவும் இதற்கு ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுகின்றன: உப்பின் அயனிகள் நீரை இழுத்துக்கொள்கின்றன, புரதத்துக்கு நீர் போதாமல் போகிறது, ஆகவே அது வீழ்படிவாகிறது. இந்த விளக்கம் எந்த அளவுக்குத் தாங்கும், அதன் இடத்தில் எதை வைப்பது என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீழ்ந்த புரதம் ஏன் உருக்குலையவில்லை என்பதையும் சேர்த்து விளக்காத எந்தக் காரணமும் முழுமையானதாகாது. இந்த அளவுகோலைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்வோம்.

முதலில் கரைக்கும், பிறகு விலக்கும்

உப்பு எப்போதும் புரதத்தை வீழ்த்துவதில்லை. ரத்த நீரை டயாலிசிஸ் பையில் இட்டுக் காய்ச்சி வடித்த நீரில் தொங்கவிட்டால், உப்பு வெளியேற வெளியேறக் குளோபுலின்களில் ஒரு பகுதி கலங்கிப் படியும். சிறிது சோடியம் குளோரைடு சேர்த்தால் மீண்டும் கரையும். ஆக, குறைந்த செறிவில் உப்பு கரைதிறனைக் கூட்டுகிறது.

இதன் காரணம் மின்சுமை சார்ந்தது. புரதத்தின் பரப்பில் நேர்மின், எதிர்மின் புள்ளிகள் கலந்து கிடக்கின்றன. தூய நீரில் ஒரு மூலக்கூறின் நேர்மின் பகுதி அடுத்ததன் எதிர்மின் பகுதியை ஈர்த்து ஒட்டிக்கொள்ளும். உப்பின் அயனிகள் இந்தப் புள்ளிகளைச் சூழ்ந்து ஈர்ப்பை மறைக்கின்றன. 1923-இல் டிபையும் ஹ்யூக்கலும் அயனிக் கரைசல்களுக்கு வகுத்த கோட்பாடு இந்தப் பகுதியை நன்றாகவே விளக்குகிறது. இங்கே எந்த உப்பு என்பது பெரிய பொருட்டல்ல; அயனிகளின் செறிவையும் மின்சுமையின் வர்க்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அயனி வலிமைதான் கணக்கில் வருகிறது.

இந்த மறைப்பு விரைவிலேயே அதன் எல்லையைத் தொட்டுவிடும். அதன்பின் சேரும் உப்பு அந்த வழியில் புதிதாக எதையும் சாதிப்பதில்லை. வேறொரு விளைவு மேலோங்குகிறது. கரைதிறன் சரியத் தொடங்குகிறது. இந்தச் சரிவில் எந்த உப்பு என்பது எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிடுகிறது.

ஹோஃப்மைஸ்டரின் வரிசை

புரதங்களைப் பிரிக்க அமோனியம் சல்பேட்டைப் பயன்படுத்தும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இருந்தது. ஆனால் பல உப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்தவர் பிராகில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டர். முட்டை வெள்ளைக்கருவின் குளோபுலினை வீழ்த்த ஒவ்வோர் உப்பிலும் எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்து, முடிவுகளை 1888-இல் வெளியிட்டார். எதிர்மின் அயனிகளில் சல்பேட், பாஸ்பேட், சிட்ரேட் போன்றவை குறைந்த அளவிலேயே வீழ்த்தின. குளோரைடுக்கு மிக அதிகம் வேண்டியிருந்தது. அயோடைடு, தயோசயனேட் போன்றவை வரிசையின் மறுமுனைக்குப் போயின. அவை புரதத்தைக் கரைசலிலேயே நிறுத்தும், செறிவு கூடினால் உருக்குலைக்கவும் செய்யும்.

உப்புகளுக்கு நீரை ஈர்க்கும் ஆற்றல் வேறுபடுவதே காரணம் என்று ஹோஃப்மைஸ்டரே கருதினார். பாடநூலின் ஒற்றை வரி அவரிடமிருந்து வந்ததுதான்.

1925-இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வின் கோன் இந்தச் சரிவுக்கு ஓர் எளிய சமன்பாடு தந்தார்:

log S = β − Ks·I

S என்பது புரதத்தின் கரைதிறன், I அயனி வலிமை. β புரதத்தையும் pH, வெப்பநிலை ஆகியவற்றையும் சார்ந்தது. Ks சரிவின் செங்குத்தைச் சொல்கிறது. அது புரதத்தையும் உப்பையும் சார்ந்தது, pH-ஐ ஏறக்குறையச் சார்வதில்லை. கரைதிறன் உப்பின் அளவுக்கேற்ப நேர்கோட்டில் குறைவதில்லை, அடுக்குக்குறி முறையில் குறைகிறது என்பதே இதன் சாரம். ஃபைப்ரினோஜனுக்கு அமோனியம் சல்பேட்டில் Ks ஏறத்தாழ 1. அயனி வலிமை ஓர் அலகு ஏறினால் அதன் கரைதிறன் பத்தில் ஒன்றாகிவிடும் என்று பொருள். அமோனியம் சல்பேட்டின் அயனி வலிமை அதன் மோலார் செறிவைப் போல மும்மடங்கு. 25 டிகிரியில் தெவிட்டிய கரைசல் சுமார் 4.1 மோலார். ஆகவே தெவிட்டலில் 8 விழுக்காடு ஏறினாலே அயனி வலிமை ஓர் அலகு ஏறிவிடுகிறது. கரைசல் ஒரு கட்டத்தில் சட்டென்று கலங்குவது இதனால்தான்.

கோனின் சமன்பாடு நடப்பதைச் சரியாக அளக்கிறது. ஏன் நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

நீர்ப் பற்றாக்குறை விளக்கத்தைச் சோதித்தல்

நீர் போதாமையே காரணம் என்றால் அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முயல் ரத்த நீரிலுள்ள இம்யூனோகுளோபுலின் ஜி, அதாவது முதன்மையான ஆன்டிபாடி வகை, 40 விழுக்காடு தெவிட்டலில் பெரும்பாலும் வீழ்ந்துவிடுகிறது. அந்தச் செறிவு சுமார் 1.64 மோலார். அப்படிப்பட்ட உப்புக் கரைசல் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 216 கிராம் உப்பும் 895 கிராம் நீரும் இருக்கும். ஓர் அயனிக்குச் சராசரியாகப் பத்து நீர் மூலக்கூறுகள். புரதமோ தன் எடையில் ஒரு கிராமுக்கு 0.3 முதல் 0.4 கிராம் நீரைத்தான் பரப்பில் இறுகச் சேர்த்துக்கொள்கிறது. ரத்த நீரில் லிட்டருக்கு 70 கிராம் அளவில் புரதம் உண்டு. அதற்கு வேண்டியது 20 முதல் 30 கிராம் நீர். எண்ணூறு கிராமுக்கு மேல் நீர் இருக்கும் இடத்தில் முப்பது கிராம் கிடைக்கவில்லை என்று சொல்வது கடினம்.

அயனிகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, எஞ்சிய நீருக்குத்தான் போட்டி என்று இதற்கு மறுமொழி சொல்லலாம். அதையும் அளக்க முடியும். கரைசலில் நீர் எந்த அளவுக்குக் கிடைக்கும் நிலையில் உள்ளது என்பதை நீரின் செயல்திறன் என்கிறோம். தூய நீருக்கு அது 1. மேலே சொன்ன அமோனியம் சல்பேட் கரைசலில் அது 0.94 அளவில் இருக்கிறது. இப்போது அதே 0.94-ஐத் தரும் சோடியம் குளோரைடு கரைசலைத் தயாரிப்போம்: ஒரு கிலோ நீருக்கு 105 கிராம் அளவில் சமையல் உப்பு போதும். இரண்டிலும் புரதத்துக்கு நீர் ஒரே அளவில்தான் கிடைக்கிறது. ஆனால் சமையல் உப்புக் கரைசலில், நடுநிலை pH-இல், இம்யூனோகுளோபுலின் ஜி கரைந்தபடியே இருக்கும். சல்பேட்டில் அது வீழ்கிறது.

நீர்ப் பற்றாக்குறை மட்டும் காரணமாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. தெவிட்டலை நெருங்கும்போது நிலைமை சற்று மாறுகிறது என்பது உண்மை. அங்கே ஓர் அயனிக்கு மூன்று நீர் மூலக்கூறுகள்தான். நீரின் செயல்திறன் 0.8 வரை இறங்குகிறது. நீருக்கான போட்டி என்ற சொல்லுக்கு அங்கே ஓரளவு எடை உண்டு. ஆனால் ஆய்வகத்தில் பெரும்பாலான பிரிப்புகள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன.

இன்னொரு பழைய விளக்கமும் உண்டு. சல்பேட் நீரின் ஒட்டுமொத்தக் கட்டமைப்பையே இறுக்குகிறது, தயோசயனேட் அதைத் தளர்த்துகிறது என்பார்கள். 2003-இல் ஆம்ஸ்டர்டாமில் அகச்சிவப்பு லேசர் துடிப்புகளைக் கொண்டு நடந்த அளவீடுகள், அயனியை ஒட்டிய முதல் சுற்று நீரைத் தாண்டி அதன் விளைவு தெரிவதில்லை என்று காட்டின. அப்படியானால் காரணத்தைத் தேட வேண்டிய இடம் கரைசலின் பரந்த நீர்ப்பகுதியல்ல. புரதத்தின் பரப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பரப்பை அண்டாத அயனி

பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் செர்ஜ் டிமாஷெஃபும் சுடோமு அரகாவாவும் 1980-களில் ஒரு நேரான கேள்வி கேட்டார்கள். செறிந்த உப்புக் கரைசலில் மிதக்கும் புரதத்தைச் சுற்றி உப்பு எவ்வளவு இருக்கிறது? கரைசலின் பிற பகுதிகளில் உள்ள அளவேதானா, அதைவிட அதிகமா, குறைவா? புரதத்தை உப்புக் கரைசலோடு டயாலிசிஸ் சமநிலைக்குக் கொண்டுவந்து, அடர்த்தியை மிகத் துல்லியமாக அளந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சோடியம் சல்பேட் போன்ற வீழ்த்தும் உப்புகளில் புரதத்தை ஒட்டிய பகுதியில் உப்பு குறைவாகவும் நீர் அதிகமாகவும் இருந்தன. அதாவது புரதத்துக்கு நீர் போதவில்லை என்பதற்கு நேர்மாறாக, அதன் அண்மையில் நீர்தான் மிகுந்திருந்தது. விலகி நின்றது உப்பு.

இதற்குக் காரணம் சல்பேட்டின் இயல்பு. இரட்டை மின்சுமை கொண்ட இந்த அயனி நீரோடு மிக வலுவாகப் பிணைகிறது. நீரேற்றத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒரு மோலுக்கு ஆயிரம் கிலோஜூலைத் தாண்டும். தயோசயனேட்டுக்கு அது இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புரதப் பரப்பில் நீர்வெறுப்புத் திட்டுகள் பல உள்ளன. அங்கே நெருங்க வேண்டுமானால் சல்பேட் தன் நீருறையில் ஒரு பகுதியைக் களைய வேண்டும். ஆற்றல் கணக்கில் அது நட்டம். எனவே விலகியே இருக்கிறது. தயோசயனேட் தன் நீரை எளிதில் விட்டுக்கொடுத்துப் பரப்பில் அமர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு புரதத்தைச் சுற்றியும் இப்படி உப்பு நுழையாத மெல்லிய மண்டலம் ஒன்று உருவாகிறது. உப்பு சமமாகப் பரவ முடியாத இந்த இடத்தைக் காப்பாற்றி வைக்கக் கரைசல் ஆற்றல் செலவிட வேண்டும். செலவு இரண்டைப் பொறுத்தது: உப்பின் செறிவு, கரைசலுக்குக் காட்டப்படும் புரதப் பரப்பு. இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று தொட்டால் தொடும் இடத்தில் இரண்டின் பரப்பும் மறைகிறது. உப்பு நுழையாத மண்டலமும் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் திரண்டால் மிச்சமாகும் ஆற்றல் பெரிது. உப்புச் செறிவு ஏற ஏற இந்த ஆதாயமும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில், தனித்தனியாக மிதப்பதால் கிடைக்கும் கலப்பு ஆதாயத்தை அது வென்றுவிடுகிறது. அப்போது புரதம் திரண்டு வீழ்கிறது.

இப்போது தொடக்கத்தில் வைத்த அளவுகோலுக்கு வரலாம். புரதச் சங்கிலி அவிழ்ந்தால் உள்ளே மடிந்திருந்த பகுதிகளும் வெளியே வரும்; காட்டப்படும் பரப்பு பெருமளவு கூடும். பரப்பு கூடுவதுதான் இங்கே செலவு. ஆகவே சல்பேட் சூழ்ந்த கரைசலில் அவிழ்வது இன்னும் கடினமாகிறது. புரதங்களைத் திரளவைக்கும் அதே காரணம் ஒவ்வொன்றையும் மடிந்த நிலையில் இறுக்கியும் வைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் தேவையில்லை. பல நொதிகளை 3.2 மோலார் அமோனியம் சல்பேட்டில் வீழ்படிவாகவே வைத்துக் குப்பிகளில் விற்பதும் இதன் பயன்தான்.

இதே கருத்தை 1977-இல் மெலாண்டரும் ஹோர்வாத்தும் பரப்பு இழுவிசையின் மொழியில் சொன்னார்கள். புரதம் கரைசலில் இருக்க வேண்டுமானால் நீரில் ஒரு குழிவு உருவாக வேண்டும். உப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் கூட்டுவதால் அந்தக் குழிவின் விலை ஏறுகிறது. பல உப்புகளுக்கு இது பொருந்துகிறது. ஆனால் மெக்னீசியம் குளோரைடு அமோனியம் சல்பேட்டைவிடவும் பரப்பு இழுவிசையைக் கூட்டுகிறது. இருந்தும் புரதத்தை வீழ்த்துவதில் பின்தங்குகிறது. மெக்னீசியம் அயனி புரதத்தின் எதிர்மின் புள்ளிகளில் பிணைவதால் விலக்கம் ஈடாகிவிடுகிறது. எனவே உப்பின் விலக்கம், பிணைப்பு ஆகிய இரண்டின் நிகர விளைவைப் பார்ப்பதே சரி. குறைந்த pH-இல், நேர்மின்சுமை மிகுந்த லைசோசைமிடம் ஹோஃப்மைஸ்டர் வரிசையே தலைகீழாகிவிடுவதும் இதையே காட்டுகிறது. அங்கே தயோசயனேட் பிணைந்து மின்சுமையை ஈடுசெய்துவிடுவதால் அதுதான் முதலில் வீழ்த்துகிறது.

ஏன் அமோனியம் சல்பேட்

விலக்கம்தான் வேண்டும் என்றால் சோடியம் சல்பேட் போதாதா என்று கேட்கலாம். வேலை செய்யும்தான்; ஆன்டிபாடி பிரிப்பில் அதைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் 25 டிகிரியில் 100 கிராம் நீரில் 28 கிராம் அளவில் கரையும் சோடியம் சல்பேட், பனிக்கட்டி வெப்பநிலையில் 5 கிராம்கூடக் கரைவதில்லை. குளிர்நிலையில் வேலை செய்ய வேண்டிய புரதங்களுக்கு அது உதவாது. அமோனியம் சல்பேட்டோ 0 டிகிரியில் 70 கிராமும் 25 டிகிரியில் 77 கிராமும் கரைகிறது.

அடர்த்தியும் ஒரு காரணம். அதன் தெவிட்டிய கரைசலின் அடர்த்தி 1.24 அளவில் இருக்கிறது. புரதத் திரளின் அடர்த்தி அதைவிடச் சற்று அதிகம் என்பதால் மையவிலக்கில் அது அடியில் படியும். பொட்டாசியம் பாஸ்பேட் நன்றாகவே வீழ்த்தும். ஆனால் அதன் செறிந்த கரைசல் புரதத்தைவிடக் கனமாகிவிடுவதால் வீழ்படிவு மேலே மிதக்கும்.

ஒரு பிரிப்பு, படிப்படியாக

100 மில்லிலிட்டர் முயல் ரத்த நீரிலிருந்து இம்யூனோகுளோபுலின் ஜி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் ரத்த நீரை மையவிலக்கில் சுழற்றிக் கலங்கலை நீக்க வேண்டும். பிறகு 40 விழுக்காடு தெவிட்டலுக்கு எவ்வளவு உப்பு என்று கணக்கிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஒரு லிட்டர் நீரைத் தெவிட்ட வைக்க 767 கிராம் தேவை, எனவே 100 மில்லிலிட்டருக்கு 40 விழுக்காடு என்றால் 30.7 கிராம் என்று போட்டுவிடுவார்கள். திண்ம உப்பு கரையும்போது கரைசலின் பருமனும் கூடுகிறது என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. 20 டிகிரிக்கான சரியான சூத்திரம்:

g = 533 × (S2 − S1) / (100 − 0.3 × S2)

g என்பது ஒரு லிட்டர் கரைசலுக்குச் சேர்க்க வேண்டிய கிராம். S1 தொடக்கத் தெவிட்டல் விழுக்காடு, S2 அடைய வேண்டியது. S1-க்கு 0, S2-க்கு 40 என்று இட்டால் லிட்டருக்கு 242 கிராம். நமக்கு 24.2 கிராம். 30.7 கிராம் போட்டிருந்தால் 50 விழுக்காடு அளவுக்குப் போயிருப்போம். வேண்டாத புரதங்களும் கூடுதலாகச் சேர்ந்து வந்திருக்கும்.

தெவிட்டிய கரைசலாகவே சேர்ப்பதென்றால் கணக்கு இன்னும் எளிது: 100 × 40 / (100 − 40), அதாவது 66.7 மில்லிலிட்டர். சிறிய அளவுகளுக்கு இதுவே பாதுகாப்பு. திண்ம உப்பு விழும் இடத்தில் செறிவு கணநேரம் மிக உயர்ந்து, பின்னால் வீழ வேண்டியவற்றையும் அங்கேயே வீழ்த்திவிடும். கரைசலைச் சொட்டுச்சொட்டாக விடும்போது இந்தத் தொல்லை குறைவு. பெரிய அளவுகளில் பருமன் ஏறிவிடுமே என்று திண்மத்தைத்தான் நாடுவார்கள். அப்போது உப்பை உரலில் நுணுக்கி, ஒரு சிட்டிகை கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். கலக்கி மெதுவாகச் சுழல வேண்டும். நுரை வந்தால் கவனிக்க வேண்டும்: காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் அவிழ்ந்து கெடும்.

உப்புச் சேர்த்து முடிந்ததும் 4 டிகிரியில் சில மணி நேரம் மெல்லக் கலக்கவிட வேண்டும். திரட்சி முழுமையாக நேரம் பிடிக்கும். பிறகு 10,000 g விசையில் 20 முதல் 30 நிமிடம் சுழற்றினால் வெண்மையான வில்லை அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த திரவத்தில் ஆல்புமின் பெருமளவு இருக்கும். அது வீழ 60 விழுக்காட்டுக்கும் மேலான தெவிட்டல் வேண்டும். வில்லையை 40 விழுக்காடு தெவிட்டிய கரைசலால் ஒருமுறை கழுவி மீண்டும் சுழற்றினால், இடுக்குகளில் சிக்கிய ஆல்புமின் குறையும். நீரில் கழுவக்கூடாது, வில்லை கரைந்துபோகும்.

கழுவிய வில்லையை 25 முதல் 30 மில்லிலிட்டர் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் கரைத்து டயாலிசிஸ் பையில் இட வேண்டும். உள்ளே உப்பு மிகுந்திருப்பதால் நீர் பைக்குள் பாயும். பையில் பாதி இடத்தையாவது காலியாக விடாவிட்டால் அது வெடிக்கும். இரண்டு லிட்டர் வெளிக்கரைசலை மூன்று முறை மாற்றினால், ஒவ்வொரு முறையும் ஐம்பது மடங்குக்கு மேல் நீர்த்து, உப்பு இலட்சத்தில் ஒரு பங்காகிவிடும். எஞ்சியிருக்கிறதா என்று பேரியம் குளோரைடால் சோதிக்கலாம். ஆனால் தாங்கல் கரைசலின் பாஸ்பேட்டும் பேரியத்தோடு வெண்மையாகப் படியும். சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்க்க வேண்டும்: பாஸ்பேட் கரைந்துவிடும், சல்பேட் நிற்கும்.

எங்கே தவறும், எப்படித் தெரியும்

மிகப் பெரிய தவறு, 40 விழுக்காடு என்பதைப் புரதத்தின் நிலையான குணம் என்று எண்ணுவது. கோனின் சமன்பாட்டில் S என்பது கரைதிறன், அதாவது கரைசலில் தங்கக்கூடிய அதிகபட்ச அளவு. மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆன்டிபாடி உள்ள ரத்த நீரைப் பத்து மடங்கு நீர்த்தால் 1 மில்லிகிராமே இருக்கும். முன்பு வீழத் தொடங்கிய புள்ளியில் இப்போது எதுவும் வீழாது. கரைதிறனை இன்னும் பத்தில் ஒன்றாக்க வேண்டும். Ks 1 அளவில் இருந்தால் அதற்கு இன்னும் 8 விழுக்காடு தெவிட்டல் தேவை. நீர்த்த கரைசலுக்குப் பழைய விழுக்காட்டையே கொடுத்துவிட்டு, மகசூல் குறைந்ததற்கு உப்பைக் குறை சொல்வது ஆய்வகங்களில் அடிக்கடி கேட்கிற கதை. லேசான பால்நிறம் வந்து எவ்வளவு சுழற்றினாலும் படியாமல் நின்றால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

pH இரண்டாவது. அமோனியம் சல்பேட் கரைசல் சற்று அமிலத்தன்மை கொண்டது. தாங்கல் வலுவில்லையென்றால் pH இறங்கும். நிகர மின்சுமை பூச்சியமாகும் pH-ஐ நெருங்க நெருங்க β குறைந்து புரதம் எளிதில் வீழும். ஆகவே pH மாறினால் விழுக்காடும் மாறும். pH 8.5-ஐத் தாண்டினால் அம்மோனியா வாசனை எழும். உப்பே சிதைகிறது என்பதற்கு அது அடையாளம். செறிந்த உப்பில் மின்முனை காட்டும் pH நம்பத்தகாதது. ஒரு துளியைப் பத்து இருபது மடங்கு நீர்த்து அளப்பது நல்லது.

வெப்பநிலை மூன்றாவது. சர்க்கரையைப் போலப் புரதமும் சூட்டில் நன்றாகக் கரையும் என்று தோன்றும். உப்பு மிகுந்த கரைசலில் பல புரதங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது: வெப்பம் ஏறினால் கரைதிறன் குறைகிறது. நீர்வெறுப்புப் பரப்புகளின் ஒட்டுதல் வெப்பத்தோடு வலுப்பதே காரணம். எனவே அறை வெப்பநிலையில் தெளிவாக வீழ்ந்தது குளிர் அறையில் ஓரளவு கரைந்து போகலாம். குளிர்நிலையை நாடுவது புரதம் சிதையாமல் காக்கவே அன்றி, வீழ்படிவை மேம்படுத்த அல்ல.

வீழ்படிவின் தோற்றமும் செய்தி சொல்லும். வில்லை அடியில் படியாமல் மேலே மிதந்தால் கொழுப்பு கலந்திருக்கிறது. முதலில் சுழற்றியபோது மேலே மிதந்த படலத்தை நீக்காமல் விட்டதன் விளைவு. தாங்கல் கரைசலில் இட்டும் நார்நாராகக் கரையாமல் நின்றால் அந்தப் பகுதி உருக்குலைந்தது. நுரையைத் தேடிப் போக வேண்டும். SDS-PAGE மின்பிரிப்பில், வேதிவழி ஒடுக்கிய மாதிரியில், ஆன்டிபாடியின் கனச் சங்கிலி 50 கிலோடால்டனிலும் மென் சங்கிலி 25-இலும் தெரிய வேண்டும். 66-இல் தடித்த கோடு இருந்தால் ஆல்புமின் மிச்சம். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் ஜெல்டால் முறையை அமோனியம் நீங்கும் முன் பயன்படுத்தினால் அது உப்பையும் புரதமாக எண்ணிவிடும்.

எல்லைகள்

இந்த முறை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரே படியில் தூய புரதம் தராது. சரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதே காரணம். ஆன்டிபாடி வீழும் செறிவில் வேறு சில குளோபுலின்களும் வீழும். டிரான்ஸ்ஃபெரினின் ஒரு பகுதியும் உடன் வரும். இதைத் தொடக்கப் படியாகவே கொள்ள வேண்டும்: பருமனைக் குறைத்துப் பெரும்பான்மைப் புரதத்தை அகற்றிவிட்டு, மீதியைக் குரோமடோகிராபிக்கு விடுவது.

பெருந்தொழிலில் இதன் தொல்லை உப்பை நீக்குவதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து ஆல்புமினைப் பிரிக்கும் பணியை ஏற்றவர் சமன்பாடு எழுதிய அதே எட்வின் கோன். அவர் உப்பை விட்டுக் குளிர்ந்த எத்தனாலைத் தேர்ந்தார். எத்தனால் ஆவியாகக்கூடியது, உறைநிலை உலர்த்தலில் போய்விடும். டன் கணக்கில் உப்பை டயாலிசிஸ் செய்வது நடைமுறைக்கு ஆகாது.

பாம்புக்கடி மருந்தில் இந்தக் கேள்வி நமக்கு அருகில் வருகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மருந்து தயாரிப்போருக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை வழங்குகிறது. அந்த நஞ்சைச் சிறு அளவுகளில் ஏற்றிய குதிரைகளின் பிளாஸ்மாவே மருந்துக்கு மூலம். ஆன்டிபாடியைப் பெப்சின் நொதியால் துண்டித்து, பயனுள்ள துண்டை அமோனியம் சல்பேட்டால் வீழ்த்திப் பிரிப்பது நெடுநாள் வழக்கம். வீழ்த்தித் திரும்பக் கரைக்கும்போது சிறு பகுதி முழுமையாகக் கரையாமல் திரளாகவே தங்கிவிட வாய்ப்புண்டு; நோயாளிக்கு வரும் ஒவ்வாமை எதிர்வினைகளுக்குத் திரள்கள் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன. 1994-இல் கோஸ்டாரிகாவின் கிளோடோமிரோ பிக்காடோ நிறுவன ஆய்வாளர்கள் கேப்ரிலிக் அமில முறையை முன்வைத்தார்கள். அது வேண்டாத புரதங்களை வீழ்த்திவிட்டு ஆன்டிபாடியைக் கடைசி வரை கரைசலிலேயே விட்டுவைக்கிறது. வீழ்த்துவது எளிது, பழையபடி தனித்தனியாகப் பிரிப்பதில்தான் இழப்பு என்ற அனுபவமே இந்த மாற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

முடிவாக

நீர்ப் பற்றாக்குறை விளக்கம் முற்றிலும் பொய்யல்ல; தெவிட்டலை ஒட்டிய செறிவுகளில் அதற்கு இடம் உண்டு. ஆனால் நீரின் செயல்திறன் ஒன்றாகவே இருக்க, ஓர் உப்பு வீழ்த்துவதையும் இன்னொன்று வீழ்த்தாததையும் அது விளக்காது. வீழ்ந்த புரதம் ஏன் மடிந்தே இருக்கிறது என்பதையும் விளக்காது. புரதப் பரப்பை அண்டாத சல்பேட், பரப்பைக் காட்டுவதற்கே விலை வைக்கிறது என்ற விளக்கம் இரண்டையும் ஒரே காரணத்தால் தீர்க்கிறது. எந்தப் புரதம் எந்த விழுக்காட்டில் வீழும் என்று அதன் அமினோ அமில வரிசையிலிருந்து முன்கூட்டிக் கணக்கிடுவது மட்டும் இன்னும் கைகூடவில்லை. விலக்கத்தோடு பிணைப்பும் சேர்ந்து புரதத்துக்குப் புரதம் மாறுவதால், புதிய புரதம் கைக்கு வந்தால் சிறு குழாய்களில் ஐந்து ஐந்து விழுக்காடாக ஏற்றிப் பார்ப்பதே இன்றும் வழி. அப்படிக் கண்ட எண்ணைக் குறிக்கும்போது புரதச் செறிவு, pH, வெப்பநிலை மூன்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அவை இல்லாத விழுக்காட்டை இன்னொருவர் அப்படியே பின்பற்றினால் அதே வீழ்படிவு கிடைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.